செவ்வாயும் வெள்ளியும் இரண்டு மணி நேரம்: கஞ்சிக்கோட்டு ஆலைகளின் பணியாளர் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை ஆலைகளின் பணியாளர் பிரிவு அலுவலர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் ஆலைகளில் ஒன்றில், ஜெனரல் ஷிப்டில், தரச்சோதனைப் பிரிவில் வேலை செய்கிறவள் நான். கொழிஞ்சாம்பாறைக்காரி. எங்கள் பக்கத்திலிருந்தும் வேலந்தாவளம், வாளையார்ப் பக்கத்திலிருந்தும் வேலைக்கு வருகிறவர்கள் நிறைய. உங்களிலும் கோயமுத்தூரிலிருந்து தினமும் எல்லை தாண்டி வருகிறவர்கள் உண்டு. அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். ஒரு சிகிச்சைக்காக வாரத்தில் குறிப்பிட்ட இரண்டு நாள், இரண்டிரண்டு மணி நேரம் வெளியே போக வேண்டியிருக்கிற தொழிலாளிக்கு, அந்தப் பர்மிஷனை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்க வைக்காமல், மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஒரே தடவையில் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வாரமும் கேட்டு வாங்குவது எனக்குச் சங்கடம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அப்படிக் கேட்டு வாங்கினால் சிகிச்சையே கெட்டுப்போகிறது. அது எப்படி என்று விளக்கத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு இருப்பது சொரியாசிஸ். முழங்கை, முழங்கால், முதுகு என்று வெள்ளிப் பொருக்கோடு சிவந்து தடித்திருக்கும். தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. கேன்டீனில் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்கிறவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன். களிம்பு போட்டு அடங்கும் அளவைத் தாண்டியதும் தோல் மருத்துவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று மெத்தோட்ரெக்சேட் மாத்திரை: வாரம் ஒரு நாள் மட்டும் போடுவது, ஈரலுக்கும் ரத்தத்துக்கும் அவ்வப்போது பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குழந்தை பெற நினைக்கிற பெண்ணுக்கு அது ஆகாது; நிறுத்திவிட்டுப் பல மாதம் காத்திருந்துதான் கருத்தரிக்கலாம். இன்னொன்று ஒளிச்சிகிச்சை. கர்ப்ப காலத்திலும் செய்துகொள்ளலாம் என்கிற அளவுக்குப் பாதுகாப்பானது. எங்கள் வீட்டு நிலைமைக்கு இரண்டாவதுதான் பொருந்தியது.

அந்த ஒளி அறையை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆள் உயர பீரோ போல ஒரு பெட்டி, உள்பக்கம் சுற்றிலும் குழல் விளக்குகள். சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிரில் 311 நானோமீட்டரை ஒட்டிய ஒரு சிறு துண்டை மட்டும் அவை தரும். துணியைக் கழற்றி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உள்ளே நிற்க வேண்டும். முகத்தில் திட்டு இல்லாதவர்களுக்கு முகத்தையும் மூடிவிடுவார்கள். சிஸ்டர் அட்டையைப் பார்த்து, போன தடவை தோல் சிவந்ததா, எரிந்ததா, எத்தனை நேரம் இருந்தது என்று கேட்டு, அன்றைக்கான அளவை எழுதி, பொத்தானை அழுத்துவார். முதல் நாள் இரண்டு நிமிஷம்கூட ஆகாது. போகப்போக நாலு நிமிஷம் வரும்.

“நாலு நிமிஷ விளக்குக்கு இரண்டு மணி நேரமா?” என்பது என் அலுவலர் கேட்ட முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். கஞ்சிக்கோட்டிலிருந்து பாலக்காட்டு நகரத்துக்குப் பஸ்ஸில் போக, நிற்கிற நேரத்தையும் சேர்த்து, முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது, திரும்பவும் அதே. நடுவில் வரிசை, உடை மாற்றுவது, பொருக்கு இருக்கும் இடத்தில் மெல்லிசாக எண்ணெய் பூசுவது, சிஸ்டரின் கேள்விகள். பதினொரு மணிக்கு கேட்டை விட்டால், உணவு இடைவேளை அரை மணியையும் அதிலேயே கழித்து, ஒன்றரைக்குத் திரும்பி பஞ்ச் வைக்கலாம். வேலை நேரத்தில் போவது இரண்டு மணி.

ஷிப்ட் முடிந்து போகலாமே என்றார். ஒளி அறை ஓ.பி. நேரத்தில் மட்டும் திறந்திருக்கிறது. நான் ஐந்து மணிக்கு கேட்டை விட்டுப் போய்ச் சேரும்போது பூட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. இன்னொருவர், பாலக்காட்டு வெயிலைவிடவா அந்த விளக்கு பெரிசு, மொட்டை மாடியில் நின்றால் போதாதா என்று கேட்டார். வெயிலில் அளவு கிடையாது. காலை வெயில், உச்சி வெயில், மேகம் என்று நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். தோலுக்குள் எவ்வளவு போனது என்று யாராலும் அட்டையில் எழுத முடியாது. ஒளிச்சிகிச்சை நடக்கும் நாளில் வெயிலும் சேர்ந்தால் வெந்துவிடும் என்பதால், திரும்பி வரும்போது முழுக்கை போட்டுத்தான் வர வேண்டும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். ஒளியின் அளவு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. குறைவாகத் தொடங்கி, தோல் பழகப்பழகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். எவ்வளவில் தொடங்குவது, எவ்வளவு ஏற்றுவது என்பது தோலின் நிறத்தையும் மருத்துவமனையின் வழக்கத்தையும் பொறுத்தது. கணக்குப் புரிவதற்காக ஒரு எடுத்துக்காட்டு. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 300 மில்லிஜூலில் தொடங்கி, தடவைக்குப் பத்து சதவீதம் ஏற்றுவதாக வையுங்கள். இரண்டாம் தடவை 330, மூன்றாம் தடவை 363. செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் போனால் ஐந்தாவது வார முடிவில் பத்தாவது தடவை வரும். அப்போது அளவு ஏறக்குறைய 707. தோலில் திட்டு மெலியத் தொடங்குவதைக் கண்ணால் பார்க்கிற கட்டம் பலருக்கு இதை ஒட்டித்தான் வருகிறது.

ஆறாவது வாரம் மாதக் கடைசி என்று வையுங்கள். லோடு ஏற்றுகிற அவசரம். செவ்வாய்க்கிழமை கேட்கிறேன், “வெள்ளிக்கிழமை பார்க்கலாம்” என்கிறார்கள். போன வெள்ளிக்குப் பிறகு இந்த வெள்ளி என்றால் ஏழு நாள் இடைவெளி. அதனால் பெரிய கேடில்லை: அளவை ஏற்றாமல் அதே 707-ஐக் கொடுப்பார்கள். ஆனால் வெள்ளிக்கிழமையும் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டால், அடுத்த செவ்வாய்க்குப் பதினொரு நாள் ஆகிவிடுகிறது. ஒரு வாரத்தைத் தாண்டியதும் தோல் பழக்கத்தை விட்டிருக்கும். பழைய அளவைக் கொடுத்தால் எரியும். எனவே கால்பங்கைக் குறைக்கிறார்கள். 707-ல் கால்பங்கு போனால் 530. அது என் ஏழாவது தடவையின் அளவு. மறுபடி 707-ஐத் தொட அங்கிருந்து இன்னும் மூன்று ஏற்றம் வேண்டும். ஆக, இரண்டு தடவை மறுத்ததில் போன நாள் வேறு, இழந்த உயரத்தைத் திரும்பப் பிடிக்கிற வாரம் வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் விட்டால் பாதியாகக் குறைப்பார்கள்; மூன்று நாலு வாரம் போனால் பழையபடி 300-லிருந்து. இந்தச் சதவீதங்கள் இடத்துக்கு இடம் சற்று மாறலாம். ஆனால் நீண்ட இடைவெளி விழுந்தால் அளவைக் குறைக்காமல் தொடரும் ஒளி அறை இருக்காது.

“விட்டுப்போனதைச் சேர்த்து அடுத்தடுத்த நாளில் இரண்டு தடவை போய்வாயேன்” என்று நல்லெண்ணத்தோடு சொன்னவர்களும் உண்டு. அது இதைவிட ஆபத்து. இந்த ஒளியால் வரும் சிவப்பு உடனே தெரியாது. ஏறக்குறைய ஒரு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். நேற்றைய அளவு அதிகமா என்பதே தெரியாத தோலின் மேல் இன்றைக்கும் கொடுத்தால், வெயிலில் வெந்தது போல் ஆகிவிடும். அதனால்தான் நடுவில் நாள் விட்டுக் கொடுக்கிறார்கள். வாரம் மூன்று தடவை என்பதுதான் மருத்துவர் முதலில் சொன்னது. வேலைக்குப் போகிறவள் என்றதும் இரண்டு தடவைக்கு ஒத்துக்கொண்டார். குணம் தெரிய இன்னும் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான் என்றார். இரண்டுக்குக் கீழே இறங்க அவர் சம்மதிக்கவில்லை.

இப்போது உங்கள் பக்கத்து விதிக்கு வருகிறேன். எங்கள் ஆலையில் மாதத்துக்கு இரண்டு பர்மிஷன். மூன்றாவது பர்மிஷனுக்கு, வெளியே இருந்தது ஒரு மணி நேரமானாலும் இரண்டு மணி நேரமானாலும், அரை நாள் சம்பளம் போய்விடும். பஞ்ச் மெஷினோடு சேர்ந்த மென்பொருள் அதைத் தானாகவே செய்துவிடுகிறது. இந்த விதி யாருக்காக வந்தது என்பது தெரிந்ததுதான்: பாங்க் வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடம், ரேஷன் கடை. எப்போதாவது ஒரு நாள் வரும் வேலைக்கு அது சரியான விதி. மாதத்துக்கு எட்டு ஒன்பது தடவை வருவதற்கு அது பொருந்தாது.

சம்பளக் கணக்கையும் பாருங்கள். எடுத்துக்காட்டுக்கு மாதச் சம்பளம் 18,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26 நாளுக்கு வகுத்தால் நாளைக்கு 700, மணிக்கு 87.50. நான் வெளியே இருக்கிற இரண்டு மணி நேரத்துக்கு 175 ரூபாய் பிடித்தால் நான் மறுபேச்சுப் பேச மாட்டேன். வேலை செய்யாத நேரத்துக்குச் சம்பளம் கேட்கவில்லை. அரை நாள் வெட்டு என்றால் 350. அதாவது நான் வேலை செய்த இரண்டு மணி நேரத்துக்கான 175 ரூபாயும் சேர்ந்து போகிறது. இப்படி வெட்டு விழுகிறவர் என்ன செய்வார்? அரை நாள் சம்பளம் போனது போனதுதான் என்று மத்தியானம் வராமலே இருந்துவிடுவார். ஆலைக்கு இழப்பு இரண்டு மணியிலிருந்து நாலு மணியாகிறது.

அப்படியானால் லீவு எடுத்துக்கொள் என்கிறீர்கள். சம்பளத்தோடு கூடிய லீவு, 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்கிற கணக்கில் வருகிறது. வருஷம் முழுக்கத் தவறாமல் வந்தவருக்குப் பதினைந்து நாள் சேர்ந்தால் அதிகம். வாரம் இரண்டு நாள் என்று எடுத்தால் இரண்டு மாதத்துக்குள் தீர்ந்துவிடும், சிகிச்சையோ மூன்று மாதம். ஆலைக்கு இதில் லாபமும் இல்லை. 13 வாரத்துக்கு 26 தடவை. தடவைக்கு இரண்டு மணி என்றால் மொத்தம் 52 மணி நேரம். எட்டு மணி ஷிப்ட் கணக்கில் ஆறரை நாள். அதையே முழு நாள் லீவாக எடுக்க வைத்தால் 26 நாள். ஆறரை நாளில் முடிகிற ஒன்றை 26 நாளாக்கிக்கொள்ளச் சொல்வது எந்தக் கணக்கில் சேர்த்தி?

இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்றும் சொல்வார்கள். அதன் நோய்க்காலப் பணம், வேலைக்கு வர முடியாதபடி உடம்பு சரியில்லை என்று மருத்துவர் எழுதிக்கொடுக்கிற முழு நாட்களுக்கு உரியது; சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. நான் வேலைக்குத் தகுதியானவள்தான். ஒளி அறையிலிருந்து நேராக வந்து மைக்ரோமீட்டரைக் கையில் எடுக்கலாம். மயக்கமோ தூக்கமோ எதுவும் வராது. வேலை செய்யத் தெம்பு இருக்கிற ஆளைத் தெம்பில்லை என்று எழுதி வாங்கிவரச் சொல்வது யாருக்குமே நல்லதில்லை. அந்தச் சட்டத்தில் மணி நேரத்துக்கு என்று எதுவும் வைக்கவில்லை. அந்த இடத்தை ஆலையின் சொந்த விதிதான் நிரப்ப வேண்டும்.

நீங்கள் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பயமும் இருக்கிறது: ஒருத்திக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் வருவார்கள். வரத்தான் செய்வார்கள். கையில் தசைநார் அறுந்து தைத்தவருக்கு பிசியோதெரபி, பக்கவாதம் வந்தவருக்குப் பேச்சுப் பயிற்சி, மனநல ஆலோசனை என்று வாராவாரம் போக வேண்டியவை பல இருக்கின்றன. அதனால்தான் என் பேரில் தனியாகச் சலுகை கேட்காமல் விதியாகக் கேட்கிறேன். சலுகை என்றால் அடுத்த சூப்பர்வைசர் வந்ததும் போய்விடும்.

துஷ்பிரயோகம் நடக்காமல் தடுப்பது பெரிய காரியமில்லை. விண்ணப்பத்தில் எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடியும் என்று இருக்கட்டும். மருத்துவர் கடிதத்திலும் அதே விவரம் போதும். நோயின் பெயர் வேண்டாம். நான் என் பெயரைப் போடாமல் நோயின் பெயரை இங்கே எழுதுகிறேன், ஆனால் அலுவலக மேஜையில் திறந்து கிடக்கிற கடிதத்தில் அதைப் படித்த டீ கொண்டுவருகிற பையன் வரைக்கும் சேதி போன அனுபவம் எங்கள் ஆலையில் இன்னொருவருக்கு உண்டு. போய்வந்ததற்கு மருத்துவமனை வருகைச் சீட்டைக் கேளுங்கள். தேதியும் முத்திரையும் அதில் இருக்கும். ஒளி அட்டையைக் கேட்காதீர்கள், அதில் என் தோலின் வரலாறே இருக்கிறது. ஆறு வாரத்தில் ஒரு முறை, தொடர வேண்டுமா என்று மருத்துவர் ஒரு வரி எழுதித் தரட்டும். குணம் தெரியாவிட்டால் அவரே நிறுத்திவிடுவார்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டாள் என்று யாரும் நினைக்கக் கூடாது. இந்தச் சிகிச்சை நோயை வேரோடு எடுக்காது. அடக்கும். சிலருக்குப் பல மாதம் கழித்துத் திரும்பி வரும், அப்போது இன்னொரு சுற்று வேண்டியிருக்கலாம். அதையும் புது விண்ணப்பமாக, புதுத் தேதியோடு கொடுப்போம்.

எல்லா இடத்துக்கும் இது ஒரே மாதிரி பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும். என் வேலையில் பதினொரு மணிக்கு முன் எடுக்க வேண்டிய மாதிரிகளை எடுத்து அளந்து வைத்துவிடலாம். நடுவில் லைனில் ஏதாவது கோளாறு என்றால் பக்கத்து மேஜையில் இருக்கிற அக்கா பார்த்துக்கொள்வார், அவருக்கு நான் மாற்று. ஆனால் உலைக்குப் பக்கத்திலோ, ஒருவர் நகர்ந்தால் மொத்த லைனும் நிற்கிற இடத்திலோ இருப்பவருக்கு இரண்டு மணி நேரம் விடுவதென்றால் மாற்று ஆள் வேண்டும். அவர்களுக்கு ஷிப்ட் வழியிருக்கிறது. இரண்டு மணிக்குத் தொடங்கும் இரண்டாம் ஷிப்டில் இருக்கிறவருக்குக் காலை முழுக்கக் கையில், பர்மிஷனே தேவையில்லை. சிகிச்சை முடிகிற வரை சுழற்சியிலிருந்து விலக்கி இரண்டாம் ஷிப்டிலேயே வைத்தால் போதும். அவருக்கு வர வேண்டிய இரவு ஷிப்டை ஏற்றுக்கொள்ள மற்றவர்கள் மறுத்தால்தான் சிக்கல், ஆனால் இரவு ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொள்கிற ஆட்களும் ஒவ்வொரு ஆலையிலும் இருக்கத்தான் செய்கிறார்கள். இதைப் பேசித் தீர்க்க சூப்பர்வைசரும் சங்கத்துப் பிரதிநிதியும் கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

மாதக் கடைசி நெருக்கடிக்கும் இடம் விடுகிறேன். ஒரு தடவையைத் தள்ளிவைக்கிற உரிமை உங்களுக்கு இருக்கட்டும்; ஏழு நாள் இடைவெளியைத் தோல் தாங்கும் என்று மேலே சொன்னேன். தொடர்ந்து இரண்டு தடவை தள்ளிவைப்பதில்லை என்று மட்டும் எழுத்தில் வேண்டும். முடிந்தால் தள்ளிவைப்பதை முந்தின நாளே சொல்லிவிடுங்கள், மருத்துவமனைக்குப் போன் செய்து வேறு நாள் கேட்டுப் பார்க்க அவகாசம் கிடைக்கும்.

என் விண்ணப்பத்தின் வாசகத்தைக் கீழே தருகிறேன். வேண்டுகிறவர்கள் கிழமையையும் நேரத்தையும் மாற்றி எடுத்துக்கொள்ளலாம். மலையாளத்தில் எழுதித் தரச் சொன்னால் அதற்கும் ஆள் இருக்கிறது.

“மருத்துவர் கடிதப்படி, எனக்கு 13 வாரங்களுக்குச் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை பர்மிஷன் வேண்டும். உணவு இடைவேளையையும் பயணத்துக்கே எடுத்துக்கொண்டு 1.30-க்குத் திரும்புவேன். வெளியே இருக்கும் நேரத்துக்கு மணிக்கணக்கில் சம்பளம் பிடித்துக்கொள்ளச் சம்மதம். அரை நாளாகக் கணக்கிட வேண்டாம். ஒவ்வொரு தடவையும் வருகைச் சீட்டும், ஆறாவது வார முடிவில் மருத்துவரின் தொடர் கடிதமும் தருவேன். நெருக்கடி நாளில் ஒரு தடவையைத் தள்ளிவைக்கச் சம்மதம். அடுத்தடுத்து இரண்டு தடவையைத் தள்ளிவைக்க வேண்டாம். நான் இல்லாத நேரத்தில் என் மேஜையைப் பார்த்துக்கொள்பவரின் கையொப்பம் இணைத்துள்ளேன்.”

இந்த விண்ணப்பம் எங்கள் ஆலையின் பணியாளர் பிரிவு மேஜையில் இருக்கிறது. முதல் தடவை அடுத்த செவ்வாய்க்கிழமை. அதற்கு முன் கேட் பாஸ் வேண்டும்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தரச்சோதனைப் பிரிவு ஊழியர்